எட்டாவது திசையில் இட்ட பலி

திருவிழாக் காலத்தில் இறைவன் உலாப் புறப்படுமுன், அர்ச்சகர் எண்திசைக் காவலர்க்கும் சோற்றுப்பலி இட்டு வலம் வருவார். அவ்வலமே கோயிலின் எல்லையை ஆண்டுதோறும் வரைகிறது என்பது என் கட்டுரையின் வாதம். எங்கள் ஊர்க் கோயிலில் எட்டாவதான வடகிழக்குப் பலிக்கல் மதிலுக்கு வெளியே, குயவர் தெருமுனையில் நிற்கிறது. ஆகவே அத்தெருவினர் கோயிலுக்குப் புறத்தார் அல்லர் என்று முடித்திருந்தேன். தமிழில் வெளிவந்தபோது பலர் பாராட்டினர், ஒருவரும் வினவவில்லை. பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று ஆங்கில வடிவைக் கேட்டது.

மொழிபெயர்க்க இசைந்தவர், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற அம்மையார். சிகந்தராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தினர். வாதம் சிறிதும் சிதையலாகாது என்று முதல் நாளே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கொண்டாப்பூரில் என் மகன் வீட்டிலிருந்து பேகம்பேட்டில் அவர் வீட்டுக்குக் காலைதோறும் செல்வேன்.

"சார், ஒரு சந்தேகம். ஏழு திசைக்கும் மணி, தண்ணி, பூ, சோத்த எந்தக் கையால வச்சாருன்னு எல்லாம் எழுதியிருக்கீங்க. எட்டாவதுக்கு ஒரே வரி. ஏன்?"

"சுருக்கம் கருதி, அம்மா. தமிழ் நடையின் செறிவு அது. ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை போலும்."

"இடம் நெறைய இருக்கு சார். அந்த எடத்துல ஆளத்தான் காணோம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் செவிகள் சுட்டன. திருவிழா அன்று முழங்கால் வலியால் வடக்கு வாயிற்படியிலேயே அமர்ந்துவிட்டேன். அர்ச்சகர் மூலை திரும்பியதைக் கண்டேன். வெறும் தட்டோடு மீண்டதைக் கண்டேன். கல்லின் மேல் பலி வைத்ததைக் காணவில்லை. மதிலுக்கு உள்ளேயே வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் என் வாதமே இல்லை. பூசைமுறை கூறும் பத்ததி நூல் வடகிழக்கில் பலியிடச் சொல்கிறது; கல் தெருமுனையில் இருக்கிறது; இரண்டையும் சேர்த்து, கண்டவனைப்போல் எழுதிவிட்டேன். இதை அவரிடம் சொன்னேன்.

"பார்த்தவர் போல ஒலிக்காமலும், பார்க்கவில்லை என்று சொல்லாமலும் ஆங்கிலத்தில் எழுத வழியுண்டா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதுதான் இன்றும் கூசுகிறது.

"நக்கோ சார், அது வேணாம். எழுதலாம், ஏன் முடியாது. ஆனா வாதத்த அப்படியே கொண்டுபோகணும்னு சொன்னது நீங்கதானே? இப்பத்தான் எனக்கு அது என்னன்னே தெரியுது."

பிறகு நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார்: ஏழு திசைகளில் கண்டேன்; எட்டாவதில் காணவில்லை; நூலையும் கல்லையும் கொண்டு ஊகிக்கிறேன். ஆங்கிலத்தில் படித்துக் காட்டினார். வாதம் நின்றது, ஒற்றைக் காலில்.

"தலைப்புல 'சான்று'ன்னு இருக்கே சார். அத என்ன பண்ண?"

ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தேன். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஊகம் என்று போடுங்கள்" என்றேன்.