சிவப்பியின் வாளி

பரிசோதனைக் கூடத்தில் கிணற்று நீர் மாதிரியில் உப்புமானியை வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. என் நாக்கில் பிண்ணாக்குத் தண்ணீரின் ருசி வந்தது.

நான் சிறுபிள்ளையாக இருந்த போர்க்காலம், எங்கள் ஊர் சாம்பல்தீவு. இராணுவம் பாதையைப் பூட்டியதால் பால்மா வரவில்லை. அம்மாவுக்கும் பால் வற்றியதால், எட்டு மாதத் தம்பிக்கு எங்கள் பசு சிவப்பிதான் கதி. அந்தக் கோடையில் இரண்டு போத்தல் கறந்தது அரைப் போத்தலானது. இலைகுழை வெட்டிப் போட்டோம், நிழலில் கட்டினோம், பிண்ணாக்கைக் கூட்டினோம். சிவப்பி வாளியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது.

உப்புப் போட்டால் மாடு நன்றாகக் குடிக்கும் என்பது வழக்கம். "உப்புக் காணாது போல," என்று அப்பா இன்னொரு பிடி போட்டார்.

அம்மா வாளியில் கைவிட்டு நக்கினாள்; நானும் நக்கிப் பார்த்தேன். "இஞ்சேருங்கோ, வெயிலுக்குக் கிணறே உவராப் போச்சு. அதுக்கு மேல உப்போ? மாடு குடிக்காட்டி பால் எங்கால வரும்?"

நல்ல தண்ணீர்க் கிணறு இராணுவக் காவலரணுக்கு அப்பால் இருந்தது. நானும் அம்மாவும் குடங்களோடு திரும்பும்போது, உள்ளே இருப்பது தண்ணீர்தானா என்ற சந்தேகத்தில் சிப்பாய் துவக்கை நீட்டி மறித்தான்.

"குடி."

அம்மா குடித்தாள்.

"நீயும்."

குடத்து விளிம்பில் வாய் வைத்து நானும் குடித்தேன். அவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வழிவிட்டான். சிவப்பி ஒரே மூச்சில் குடித்து முடித்தது. மறுபடி போனோம். தினமும் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் குடித்துக் காட்டினோம்.

ஐந்தாம் நாள் ஒன்றரைப் போத்தல் கறந்தது. அப்பா வாளியை அம்மாவிடம் நீட்டினார். "இனி உப்புக் காணுமோ எண்டு நீரே நக்கிப் பாத்துச் சொல்லும்."

உப்புமானியை எடுத்துவிட்டு, 'மனிதர் குடிக்க உகந்ததல்ல' என்று அறிக்கைப் படிவத்தில் குறித்தேன். மாட்டுக்கு அதில் கட்டமில்லை. ஓரத்தில் எழுதினேன்: மாட்டுக்கும் ஆகாது.