பட்டியலில் இல்லாத விசேஷம்

அரியலூரில் நான் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். ஆர்டர்களை எக்செல்லில் ஏற்றுவது ஆபீசில் இருக்கும் பெண். கல்லங்குறிச்சிக் காதுகுத்து ஒன்றுக்கு ஆள்கணக்கை மாற்றப் போய், அரிசிக்கான ஃபார்முலாவையே அழித்துவிட்டாள். பந்தியில் சோறு பத்தவில்லை. எனக்கு வந்ததே கோபம்! அன்றே உட்கார்ந்து, பெயர், ஊர், ஆள்கணக்கு என்று அவள் நிரப்பும் கட்டங்களை மட்டும் திறந்துவிட்டு, மற்றதையெல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். 'விசேஷம்' கட்டத்தில் ஒரு பட்டியல் விரியும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. வேறு எதை அடித்தாலும் ஏற்காது.

"இனி நீ நெனச்சாலும் தப்பு பண்ண முடியாது" என்று பெருமை வேறு பீற்றிக்கொண்டேன்.

போன மாதம் செந்துறையில் அவள் பெரியப்பா இறந்துபோனார். கருமாதிச் சாப்பாட்டை எங்களிடமே கொடுக்கச் சொல்லி அவள்தான் வீட்டில் பேசி முடித்தாள். ஆர்டர் ஏற்றும்போது கூப்பிட்டாள்.

"அக்கா, கருமாதின்னு அடிச்சா எடுக்க மாட்டேங்குதுங்க."

"கல்யாணம்னு போட்டுத் தொலையேன்."

"போட்டா ஆளுக்கு ஒரு தாம்பூலப் பை வருதுங்க. சைபர் போடலாம்னா பூட்டியிருக்கு."

"கல்யாணம்னே இருக்கட்டும், பையை நான் மாத்திக்கிறேன். நீ எதையும் தொடாத, ஊருக்குக் கெளம்பு."

அவள் லீவில் போய்விட்டாள். நான் சுத்தமாக மறந்துவிட்டேன். குடோனில் பிரிண்ட் எடுத்த தாளைப் பார்த்துத்தான் சாமான் கட்டுவார்கள். அப்படியே கட்டி ஏற்றிவிட்டார்கள்.

செந்துறையில் வேனிலிருந்து மூட்டையை இறக்கிப் பிரித்தபோதுதான் பார்த்தேன். மஞ்சள் பைகள். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. மேலே 'மணமக்களை வாழ்த்த வந்தமைக்கு நன்றி'. காலையில்தான் தாலி கழற்றிய அவள் பெரியம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு பையைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு பண்ண வேல இது?" என்று கத்தினார் அவருடைய மகன்.

பெரியம்மா பக்கத்தில் நின்ற அவள் என்னைப் பார்த்தாள். நான் சாம்பார் அண்டாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தாண்ணே. தப்பா அடிச்சிட்டேன்" என்றாள்.

சீ, எனக்கு வாய் இல்லையா? பாஸ்வேர்டு என்னிடம், பட்டியல் போட்டது நான். பைகளை வேனில் திருப்பி ஏற்றச் சொன்னது மட்டும்தான் நான் பேசியது.

மறுநாள் பட்டியலில் கருமாதியைச் சேர்த்தேன். அதைத் தேர்ந்தெடுத்தால் பை சைபர் ஆகும்படி ஃபார்முலாவை மாற்றிப் பூட்டினேன். லீவு முடிந்து வந்தவள் பட்டியலை விரித்துப் பார்த்தாள்.

"இப்ப வருதுங்கக்கா" என்றாள். அடுத்த ஆர்டரை ஏற்ற ஆரம்பித்தாள்.

பெரியம்மா வீட்டில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்று வேன் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். செந்துறை பஸ் எங்கள் ஆபீஸ் வாசலில்தான் நின்று போகிறது. இன்னும் நான் ஏறவில்லை.