‘எம்புட்டு?’ என்ற கேள்வி

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு நான் விரலைக் குத்தி சுகர் பார்த்து முடிப்பதற்குள் வாசல் பக்கமிருந்து அவர் குரல் வரும்.

"எம்புட்டு?"

அவருக்கு அது ரோல்கால். இருநூற்றுக்கு மேல் ஏதாவது சொன்னால் விசாரணை தொடங்கிவிடும். நேற்று என்ன சாப்பிட்டாய், கல்யாண வீட்டுப் பால்கோவாவைத் தொட்டாயா என்று அவர் கேட்க, மகனும் மருமகளும்கூட எட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஒரு நாள் "நூத்திப் பதினெட்டு" என்று புளுகினேன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது.

எனக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருடம். காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். அதுபோக ஊசி தீரப்போகிறதா, சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் இருக்கிறதா, இட்லி மூன்றா நான்கா, காலில் புண் இருக்கிறதா என்று ஓயாத யோசனை. வீட்டுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல். நான் ஜாக்கெட் தைக்கிற மிஷினுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. எனக்கு வெறுத்துவிட்டது. விரல் குத்துவதையே விட்டேன். நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு, நூற்றிருபத்தாறு என்று நானே மாற்றி மாற்றி எழுதினேன். பிறகு ராத்திரி ஊசியும் பாதி நாள் போடாமல் போனது. சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. செத்த நேரம் என்னை விட்டால் போதும் என்றிருந்தது.

ராஜபாளையத்து டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்தார். ஏழுக்குள் இருக்க வேண்டியது ஒன்பது புள்ளி எட்டு. இரண்டும் ஒரே ஆளுடையதாகத் தெரியவில்லை. மருந்தின் அளவை ஏற்ற வேண்டியிருக்கும், ஆனால் ஊசி எல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். போட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கு ஏற்றுவது வேறு. போடாத எனக்கு ஏற்றி, நான் திடீரென்று முழுசாகப் போட்டால் சுகர் தாழ்ந்து மயங்கி விழுவேன் என்பது எனக்குத் தெரியும். நோட்டில் இருப்பது பொய், ஊசியும் பாதி நாள் போடவில்லை என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

அந்தம்மா திட்டவில்லை. வருடக்கணக்கில் ஒரே ஆள் சுமந்தால் இப்படித்தான் சலித்துப்போகும், நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார். ஊசியை மட்டும் விடக்கூடாது, மற்ற வேலைகளைப் பங்கு போடுங்கள் என்று சொல்லி, பழைய அளவையே எழுதிக்கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து அவர் கேட்டார், "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எம்புட்டுனுதான் கேக்கிய. எப்படி இருக்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

வழியெல்லாம் எனக்குக் கோபம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து என் நிபந்தனையைச் சொன்னேன். இனி யாரும் எண் கேட்கக்கூடாது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலோ முந்நூறைத் தாண்டினாலோ நானே சொல்வேன். மருந்தும் ஸ்ட்ரிப்பும் வாங்குவது, டாக்டரிடம் நாள் குறிப்பது மகன் பொறுப்பு. இனி எல்லாருக்கும் ஒரே சமையல், சோறு குறைவு, காய் அதிகம் என்று மருமகளே முடிவெடுத்தாள். மகன் ஒரு வாரம் தட்டைப் பார்த்து முனகினான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரல் குத்துவது, எழுதுவது, இன்சுலின் பேனாவில் புது ஊசி மாட்டி அளவு வைத்துக் கொடுப்பது எல்லாம் வீட்டுக்காரர். இன்சுலினை மட்டும் நான் போட்டுக்கொண்டால் போதும்.

தினமும் கால் பார்க்கிற வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டாளத்தில் மைல் கணக்கில் மார்ச் நடந்து முடிந்தால் ஒவ்வொருவன் காலையும் பார்ப்பார்களாம். புருஷன் கீழே உட்கார்ந்து என் பாதத்தைத் தூக்கி டார்ச் அடிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அதெல்லாம் இல்லை. எண் கேட்காமலிருக்கத்தான் மனிதர் தவித்தார். வாய் மூடியிருந்தாலும் புருவம் கேட்கும். "புருவத்தையும் மூடுங்க" என்பேன்.

மூன்றாவது வாரம் இடது சுண்டுவிரலுக்குக் கீழே டார்ச் நின்றது. புதுச் செருப்பு கடித்து, கொப்புளம் உடைந்திருந்தது.

"வலிக்கா?"

எனக்கு எதுவுமே தெரியவில்லை. சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்தது. அன்று முழுக்க அந்தக் காலோடு மிஷின் மிதித்திருக்கிறேன். நான் தனியாளாக இருந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். உடனே ராஜபாளையம் போய்க் கட்டுப் போட்டு வந்தோம். செருப்பை அவர் தூக்கி எறிந்தார்.

மறுநாள் காலை அவர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விரலைக் குத்தினேன். யாரும் கேட்கவில்லை.

"இருநூத்தி நாப்பத்தி மூணு. நேத்து ராத்திரி ஊசி போடல" என்றேன்.

அவர் கை நின்றது. விசாரணைக்குத் தயாராக நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சரி. இன்னைக்கு ராத்திரி போடையில நான் கூட இருக்கட்டா?"

"இருங்க" என்றேன். நோட்டை எடுத்து 243 என்று எழுதினேன்.