ஆறு மதிப்பெண்

தேயிலை விலை விழுந்து கிடந்த ஆண்டுகள் அவை. எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது. நான் அப்போது குன்னூரில், வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். அரையாண்டுத் தேர்வு நடந்த வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு வீட்டில் இருந்தேன். துறையில் இருந்த இன்னொரு ஆசிரியை விடைத்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து என் போனுக்கு அனுப்பினார். நான் திருத்துவேன், சிலவற்றை அவர் மறுபடி பார்த்துச் சரிசொல்வார்.

செவ்வாய்க்கிழமை காலை வந்த ஒரு தாளில் பெயர் இல்லை, எண் மட்டும். ஆனால் கையெழுத்து தெரிந்தது. கட்டபெட்டு பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கட்டணச் சலுகையில் படித்த பெண். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். தாயும் தந்தையும் தோட்டத் தொழிலாளிகள். இந்தத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 'பி' கிரேடு வாங்கினால்தான் அடுத்த ஆண்டும் சலுகை. மற்ற விடைகளைக் கூட்டிப் பார்த்தேன். வரலாற்றில் 'பி' வர, மிச்சமிருந்த கடைசிக் கேள்வியில் எட்டுக்கு ஏழு வேண்டும். அப்படிக் கூட்டிப் பார்த்ததே தவறு.

கேள்வி ஒரு சான்றைப் பற்றியது: இலங்கை சுதந்திரம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1952-இல், தோட்டத்தை நிர்வகித்த ஒரு துரை தன் கம்பெனிக்கு எழுதிய அறிக்கை. 'தொழிலாளர்களுக்கு எந்தக் குறையும் இல்லை' என்கிறது. தொழிலாளர் வாழ்க்கையை அறிய இது எவ்வளவு பயன்படும்?

மதிப்பெண் திட்டத்தில் விடையைத் திருத்த மூன்று நிலைகள். சான்றைத் திருப்பிச் சொன்னால் முதல் நிலை, இரண்டு வரை. எழுதியவர் யார் என்பதை மேலோட்டமாகத் தொட்டால் இரண்டாம் நிலை, மூன்று முதல் ஐந்து. எழுதியவரின் நோக்கத்தையும் காலச் சூழலையும் வைத்து எடைபோட்டால் மூன்றாம் நிலை, ஆறு முதல் எட்டு. அதிலும் ஒரு பக்கம் மட்டும் சொன்னால் ஆறு. குறை, பயன் இரண்டையும் சொன்னால்தான் மேலே.

அவள் எழுதியிருந்தாள்: துரை தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முதலாளிகளுக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார். 1958 சட்டத்தால் அதற்குள் குடியுரிமை இழந்திருந்த தொழிலாளர்கள் அவரிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சட்டம் 1948. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நான்கு இல்லை, ஐந்துதான். 1958 என்றால் சட்டமே அறிக்கைக்குப் பின்னால் வருகிறது. சூழல் தவறு என்று குறித்து, இரண்டாம் நிலை, ஐந்து என்று போட்டேன். தெரிந்த பிள்ளைக்குச் சலுகை காட்டவில்லை என்ற நிம்மதியும் இருந்தது.

மாலையில் ஆசிரியை அழைத்தார்.

"ஏனுங்க சார், இந்தப் புள்ளைக்கு அஞ்சா?"

"வருஷம் தப்புங்க மிஸ்."

"உங்களுக்கு வருஷம் தப்புன்னா சோறே இறங்காதுன்னு தெரியுமுங்க. நம்ம ஸ்கீம்ல தப்புக்குக் கழிக்கச் சொல்லியிருக்குதுங்களா?"

"இல்லைதான். ஆனா வருஷம் மாறினா வாதமே விழுந்துடுதே."

"'அதற்குள் இழந்திருந்த'ன்னு எழுதியிருக்காளே. எது முந்தி, எது பிந்தின்னு தெரிஞ்சுதான எழுதுனா? மொத்த விடையும் எந்த நிலைக்குப் பொருந்துது, அதைச் சொல்லுங்க சார்."

மறுபடி படித்தேன். மூன்றாம் நிலைதான். நோக்கம் இருந்தது, சூழல் இருந்தது. போட்டிருந்த ஐந்தை அடித்துவிட்டேன்.

"மூணாவதுல எங்க வைப்பீங்க?" என்று கேட்டேன்.

அவரும் விடையை மறுபடி படித்தார். இருவரும் ஒரே வரியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். ஏன் நம்பக் கூடாது என்று முழுதாகச் சொல்லியிருந்தாள். எதற்குப் பயன்படும் என்று ஒரு சொல் இல்லை.

"ஆறுங்க சார்," என்றார். "ஏழு போட எனக்கும் ஆசைதான்."

ஆறு என்று எழுதினேன்.

பள்ளிக்குத் திரும்பிய அன்று ஊன்றுகோலோடு வகுப்புக்குப் போனேன். மணி அடித்ததும் அந்தப் பெண் தாளோடு மேசைக்கு வந்தாள்.

"1958-க்கு எத்தனை குறைச்சீங்க சார்?"

"ஒண்ணும் குறைக்கலம்மா."

"அப்ப எங்க போச்சு?"

மதிப்பெண் திட்டத்தின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தாள்.

"இது எதுக்குப் பயன்படும்னு ஒரு வரி எழுதியிருந்தா?"

"ஏழு."

என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, நின்றபடியே விடையின் கீழே எழுதினாள்: துரைமார் எதை நம்ப விரும்பினார்கள் என்று அறிய இந்த அறிக்கை பயன்படும்.

நன்றாகவே இருந்தது. அவளிடம் அதைச் சொன்னேன். தாளை வாங்கி மற்றவற்றோடு கட்டி வைத்தேன். ஜூனில் வந்த புதிய வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.