கூந்தலின் உச்சந்தலை

அந்த முடி வளர்ப்பு மையத்தில் அவனுக்கு ‘கூந்தல்’ என்று பெயர். மேலாளர் வைத்த பெயர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வைத்தது. ‘கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிகிறாள்’ என்பார்கள். இவன் அள்ளி விற்றான். நெற்றியிலிருந்து பின்னங்கழுத்து வரை அலையலையாக, சீப்பு போட்டால் சீப்பு நிற்கும். அதற்கு முன் செல்போன் விற்றுக்கொண்டிருந்தவன். நேர்முகத் தேர்வில் மேலாளர் படிப்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "கொஞ்சம் குனிங்க" என்றார். குனிந்தான். "எப்ப வர்றீங்க?" என்றார். அவ்வளவுதான்.

எட்டு வருடமாக வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு இரண்டாவது மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறான். சட்டைப்பையில் ‘மூத்த ஆலோசகர்’ என்று ஒரு பட்டை. டாக்டர் என்று அவன் சொன்னதில்லை. வருகிறவர்கள் டாக்டர் என்று கூப்பிடுவார்கள், அவன் மறுத்ததுமில்லை.

அவன் தொழிலுக்கு ஆயுதம் ஒன்றுதான், பேனா அளவுக்கு ஒரு கேமரா. தலையில் வைத்தால் எதிரே திரையில் ஐம்பது மடங்கு பெரிதாகத் தெரியும். அந்த அளவில் பார்த்தால் யார் தலையும் தண்ணீர் காணாத வயல்தான். கூந்தலுக்கு இது தெரியும். உச்சந்தலையில் கேமராவை வைத்துவிட்டு ஒன்றும் பேசமாட்டான். மனசுக்குள் பத்து வரை எண்ணுவான். ஏழு எண்ணும்போதே வந்தவன் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கும். பத்து முடிந்ததும் ஒரு பெருமூச்சு, பிறகு, "நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்களே" என்பான். அதற்கும் அசையாத ஆள் என்றால், பேச்சுவாக்கில் தன் முடியை ஒருமுறை விரலால் கோதிக்கொள்வான். பெரும்பாலும் அதில் விழுந்துவிடுவார்கள்.

விழுந்தவர்களைப் பற்றி அவனுக்கு இரக்கம் ஒன்றும் இருந்ததில்லை. ஒருமுறை பரீட்சைக்குப் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சலில் படுத்து எழுந்தவன், இப்போது தலை முழுவதும் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. காய்ச்சலுக்குப் பின் இப்படிக் கொட்டுவதும், சில மாதத்தில் தானாகத் திரும்ப முளைப்பதும் கூந்தலுக்குத் தெரியாததல்ல. விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் அதற்கென்றே கேள்விகள் உண்டு. எப்போதிலிருந்து? சமீபத்தில் காய்ச்சலா, உடல் இளைப்பா? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அரிப்பு, எரிச்சல் உண்டா? வட்டமாகச் சொட்டை விழுந்ததா? வீட்டில் யாருக்கு வழுக்கை? தாளைத் திருப்ப விடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "இங்க கையெழுத்து மட்டும் போடுங்க தம்பி" என்றான். ஆறு மாத எண்ணெயும் மூலிகைச் சாறும் அந்தப் பையன் தலையில் கட்டப்பட்டன. ஆறு மாதம் கழித்து முடி முளைத்தது. முளைக்கத்தானே போகிறது! பையன் இனிப்புப் பெட்டியோடு வந்து கும்பிட்டான். கூந்தல் கூசாமல் வாங்கித் தின்றான்.

இப்படியே போயிருக்கும், புதிதாக ஒரு பெண் வேலைக்கு வராமல் இருந்திருந்தால். அதுவரை செண்ட் கடையில் நின்றவள், கூர்மையானவள். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு இவனுடையது. கேமராவை அவள் கையில் கொடுத்து, தன் தலையைக் காட்டிக் குனிந்தான்.

"முதல்ல நல்ல தலை எப்படி இருக்கும்னு பாத்துக்க. ஒரு துளையிலேருந்து ரெண்டு மூணு முடி, எல்லாம் ஒரே தடிமன். தெரியுதா?"

அவள் உச்சியில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பார்த்தாள்.

"சார், இதுல ஒண்ணு தடியா இருக்கு, ஒண்ணு மெல்லிசா இருக்கு, ஒண்ணு நூலாம்படை மாதிரி இருக்கு. இது நல்ல தலையா, கெட்ட தலையா?"

கூந்தல் நிமிர்ந்து பார்த்தான். அவள் சொன்னது அப்படியே திரையில் இருந்தது. வாடிக்கையாளர் தலையில் இதைத்தான் அவன் எட்டு வருடமாகத் தேடுவான். கிடைக்காவிட்டாலும் இருப்பதாகச் சொல்வான். இப்போது தேடாமலே கிடைத்திருக்கிறது.

"லென்ஸ்ல அழுக்கு. தொடச்சு வை" என்றான். அவள் துடைத்தாள். மறுபடி பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டான்.

வீட்டில் குளியலறை விளக்கடியில் நின்று நெற்றியின் இரண்டு மூலையிலும் முடியை ஒதுக்கிப் பார்த்தான். பழைய போன் படங்களைத் தேடி, இதே விளக்கடியில் எடுத்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டு மூலையும் விரல் நுனி அளவுக்குப் பின்வாங்கியிருந்தன. வேடிக்கை என்னவென்றால், தலையணையிலும் சீப்பிலும் வழக்கத்தைவிட ஒரு முடி கூட அதிகம் இல்லை. இந்தச் சொட்டை கொட்டிக்கொண்டு வருவதில்லை; முடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து முளைத்து, மெலிந்து முளைத்து, கடைசியில் இல்லாமல் போவது. இதுவும் அவனுக்குத் தெரிந்ததுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

"என்ன அரை மணி நேரமா உள்ள?" என்றாள் மனைவி கதவுக்கு வெளியே.

கூடத்தில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிலேயே தலை வழுக்கையான மனிதர், மண்டை பளபளவென்று விளக்கை வாங்கிக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் சிரித்தார்.

"வீடு வாசல்னு ஒண்ணும் எழுதி வைக்கல. இதையாவது ஒழுங்கா வச்சுக்க."

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எட்டு வருடம் அந்த எண்ணெயை விற்றவன், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன், ஊழியர் சலுகையில் அதையே வாங்கினான்! கூடவே மூலிகைச் சாறு, வைட்டமின் மாத்திரை. சத்துக் குறைவு இருந்தால் மாத்திரை உதவும். இவனுக்குக் குறை இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்துகொள்ளவில்லை. பயம் வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும் என்பதை நம்பித்தான் அவன் தொழிலே நடந்தது. நான்கு மாதம் தேய்த்தான். மண்டை மணத்தது. மூலைகள் இன்னும் கொஞ்சம் பின்னால் போயின.

பிறகுதான் தொப்பி போட்டுக்கொண்டு, ஊரின் மறுகோடியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தான். அந்த அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார். எப்போதிலிருந்து? காய்ச்சல் வந்ததா? தைராய்டு? என்ன மாத்திரை சாப்பிடறீங்க? அரிப்பு, எரிச்சல்? அப்பாவுக்கு எப்படி, அம்மா வழியில் எப்படி? தாளின் பின்பக்கம் முழுவதையும் ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டார். ஒரு பிடி முடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். சிறிய லென்ஸை உச்சியில் வைத்தார், பிறகு பின்னந்தலையில் வைத்தார்.

"பின்னாடி தடியா இருக்கு, மேல மெலிஞ்சிருக்கு. ஆண் வழுக்கை, ஆரம்பம். வேற நோய் இல்ல. இதுக்கு முன்னாடி எங்கயாவது போய் எதாவது வாங்கினீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லது. இப்ப தெருவுக்கு ஒரு கடை. உச்சியை மட்டும் பெருசாக்கிக் காட்டுவாங்க, பின்னந்தலையைக் காட்டவே மாட்டாங்க. காட்டினா ஒப்பிட்டுப் பாத்துடுவோமில்ல? டாக்டரே இல்லாதவன் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான், அயோக்கியன்."

"ஆமா மேடம்" என்றான் கூந்தல்.

தினமும் தடவ ஒரு மருந்து எழுதினார். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் எதுவும் இல்லையே என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். ஒரு மாத்திரையும் உண்டு என்றார். சிலருக்கு மட்டும் தாம்பத்திய ஆசை குறையலாம், மனசு சோர்ந்து போகலாம், அப்படி இருந்தால் உடனே சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவர்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

"இன்னொண்ணு. முதல் ரெண்டு மாசம் இன்னும் கொஞ்சம் கொட்டும். பழைய முடி விழுந்து புதுசு வர்ற நேரம் அது. பயந்து நிறுத்திடாதீங்க. ஆறு மாசம் கழிச்சுத்தான் பலன் தெரியும். அப்புறமும் விட்டுட்டா, பிடிச்சு வச்சதும் போயிடும்."

ஒரு மாத மருந்து அவன் விற்கும் எண்ணெய்ப் புட்டியில் கால்வாசி விலைகூட இல்லை.

ஆறாவது வாரம், டாக்டரம்மா சொன்னது சொன்னபடி நடந்தது. கோட்டின் தோளில் முடி கிடந்தது. கண்ணாடி அறையில் எதிரே உட்கார்ந்த லாரி முதலாளி ஒருவர், கேமராத் திரையைப் பார்க்காமல் இவன் மண்டையையே பார்த்தார். "ஏன் டாக்டர், உங்களுக்கே கொட்டுதே? உங்க எண்ணெய் உங்க வீட்டுக்கு வர்றதில்லையா?" என்றார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். அன்று மாலையே மேலாளர் கூப்பிட்டார்.

"என்ன கூந்தல், கடைக்கே ஆப்பு வைக்கிறியா?"

"சார், சரியான மருந்து ஆரம்பிச்சிருக்கேன். முதல்ல கொஞ்சம் கொட்டும். அதுதான் மருந்து வேலை செய்யுதுன்னு அடையாளம். ஆறு மாசம் பொறுத்தீங்கன்னா..."

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்கிட்டயேவா? இந்த வசனத்தை எழுதிக் கொடுத்ததே நான்தானேய்யா!"

எட்டு வருடத்தில் அந்த மையத்தில் மருந்தைப் பற்றி அவன் சொன்ன ஒரே உண்மை அது. நம்ப ஆளில்லை. அவனுக்கு அழுகை வந்தது. முப்பத்து மூன்று வயதில், முடியைத் தவிர வேறு தகுதி இல்லாத ஒரு வேலையில், வேறு எதற்கும் லாயக்கில்லாமல் நிற்கிறோம் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல என்று தன்னைப் பற்றி அவருக்கே ஓர் எண்ணம் உண்டு. "வேலையை விட்டு அனுப்பல. ஆனா அந்த நாற்காலி இனி அந்தப் பொண்ணுக்கு. உனக்கு வேற யோசிச்சிருக்கேன்" என்று ஒரு ஃபைலை எடுத்தார். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம் அதில் இருந்தது. காடு மாதிரி முடி, வாய் கொள்ளாத சிரிப்பு. "இது நம்ம எண்ணெய்க்குப் ‘பின்’. இன்னிக்கு எடுக்கப்போறது எண்ணெய்க்கு ‘முன்’. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வாசல்ல ஆளுயரத்துக்கு வைக்கலாம். ஒரே ஆள், ஒரே முகம், எவனாவது சந்தேகப்படுவானா? சம்பளம் பழையபடியே. உள்ளே இருந்து புட்டி பேக் பண்ணு போதும், வெளிய தலை காட்டாதே."

படத்துக்கான சம்மதத் தாளில் கூந்தல் கையெழுத்துப் போட்டான்.

புகைப்படக்காரர் வந்தார். அந்தப் பெண் வெள்ளைக் கோட்டில், இவன் தலையைத் தண்ணீரால் நனைத்து, மூலைகள் நன்றாகத் தெரியும்படி ஒட்டச் சீவினாள். முடி ஈரமானால் இருப்பதில் பாதிதான் தெரியும். அதுவும் இவனிடம் கற்றதுதான். விளக்கை நேர் மேலே கொண்டுவந்து வைத்தார்கள். கேமராவைக் கண்டதும் எட்டு வருடப் பழக்கத்தில் கூந்தலின் உதடு தானாக விரிந்தது.

"சார், சிரிக்காதீங்க" என்றார் புகைப்படக்காரர். "‘முன்’ல யாரும் சிரிக்கக்கூடாது."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அப்படித்தான். அப்படியே இருங்க. ரொம்ப இயல்பா இருக்கு."