நள்ளிரவில் வெட்டிய ஷிஃப்ட்

திங்கட்கிழமை காலையில் என்னை யாரும் நெருங்க மாட்டார்கள். கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் அலுவலகம் இருக்கும் ஐந்தாவது மாடியில் அன்று ஒரு மகான் தவத்தில் இருப்பார். அந்த மகான் நான்தான். போன வாரத்து வருகைப் பதிவை, அதாவது யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனைக்குக் கிளம்பினார் என்பதை, டைம்ஷீட்டாக மாற்றுவது என் வேலை. வந்ததையும் போனதையும் கழித்து, சாப்பாட்டு நேரத்தை எடுத்துவிட்டு, நாளுக்கு இத்தனை மணி, அதில் எட்டுக்கு மேல் போனது ஓவர்டைம், கடைசிக் கட்டத்தில் வார மொத்தம். கழித்தலும் கூட்டலும்தான். ஆனால் நான் அதைச் செய்யும்போது முகத்தை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் ராக்கெட் விடுகிறேன் என்று நினைப்பார்கள். டாக்குரியா வீட்டில் என் மனைவி இன்னும் அப்படித்தான் நினைக்கிறாள், நான் திருத்தவில்லை.

எங்கள் கிளையன்ட் வெளிநாடு. அதனால் ஒரு குழு மாலை நான்கு மணிக்கு வந்து மறுநாள் விடிகாலை இரண்டு மணிக்குப் போகும். அந்தக் குழுவில் ஒரு தீதி, அதாவது வங்காளி அக்கா, இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒப்பந்த ஊழியர். மூன்றரைக்கே வந்து என் மேஜையில் சாய்ந்துகொண்டு வம்பளப்பார். எங்கள் பேச்சு வங்க மொழியில்தான் நடக்கும்.

"தம்பி, உங்க வேலூர்ல இட்லியைத் தவிர வேற ஏதாவது கிடைக்குமா?"

"எங்க வேலூரா? நான் அந்தப் பக்கமே போனதில்லை, தீதி. அங்க உங்க ஆளுங்கதான் அதிகம். மீன் குழம்பே கிடைக்குமாம்."

சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கணவருக்கு மாதக்கணக்காகக் குரல் கம்மிக்கொண்டே போகிறது. இங்கே பார்த்தாயிற்று, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சோதனை, வெள்ளிக்கிழமை முடிவு. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் லீவு வேண்டும். சனி, ஞாயிறு ரயிலில் போய்விடும்.

ஒப்பந்த ஊழியர்களுக்கு வேறு லீவு கிடையாது. எட்டு மணி ஓவர்டைம் சேர்ந்தால் ஒரு நாள் ஈட்டு விடுப்பு, அவ்வளவுதான். தீதி கணக்கோடுதான் வந்திருந்தார். நான்கிலிருந்து இரண்டு வரை பத்து மணி, சாப்பாட்டுக்கு ஒன்று போனால் ஒன்பது. தினம் ஒரு மணி ஓவர்டைம், வாரத்துக்கு ஐந்து, எட்டு வாரத்துக்கு நாற்பது. ஐந்து நாள்.

"நீ வாயை மூடிக்கிட்டு எடுத்துக் கொடுத்தா போதும்" என்றார்.

நானும் ராஜா மாதிரி ஷீட்டைத் திறந்தேன். முப்பத்திரண்டு என்றிருந்தது. நான்கு நாள்.

முதலில் தீதி ஏதோ மட்டம் போட்டிருக்கிறார் என்றே நினைத்தேன். பதிவைப் பார்த்தால் ஒரு நாள்கூட நான்கு மணிக்குப் பிந்தவில்லை. வார மொத்தத்தைப் பார்த்தேன். எல்லா வாரமும் நாற்பத்தைந்து, சரியாகவே இருந்தது. மொத்தம் சரி, ஓவர்டைம் தப்பு. அரை நாள் மண்டையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது.

அந்தக் காலாண்டில் தலைமை அலுவலகம் புதிய ஷீட் ஒன்று அனுப்பியிருந்தது. பழையதில் விடிகாலை இரண்டிலிருந்து மாலை நான்கை, அதாவது பதினாறைக் கழித்தால் விடை மைனஸில் போய், கட்டம் முழுக்க முள்வேலி மாதிரி குறிகள் வரும். மறுநாள் என்று ஒரு இருபத்து நான்கைக் கூட்டினால் தீர்ந்தது. அங்கே யாரோ ஒரு புத்திசாலி அதற்குப் பதில் ஷிஃப்டையே நள்ளிரவில் இரண்டாக வெட்டிவிட்டார். திங்கள் நான்கிலிருந்து பன்னிரண்டு வரை எட்டு, சாப்பாடு போக ஏழு. ஓவர்டைம் இல்லை. மிச்ச இரண்டு மணி செவ்வாயின் தலையில் விழும். செவ்வாய்க்கு ஒன்பது, ஒரு மணி ஓவர்டைம். புதன், வியாழன், வெள்ளியும் அப்படியே. கடைசி இரண்டு மணி சனிக்கிழமையில் அனாதையாக நிற்கும். ஆக வாரத்துக்கு நான்கு. மொத்தத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாததால் யாருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் எல்லோருமே மொத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பரம்பரை.

மேனேஜர் சென்னையிலிருந்து வந்தவர். தமிழில் சொன்னால் இளகுவார் என்று ஒரு நப்பாசை.

"ஸார், ஷிஃப்ட் ஆரம்பிச்ச நாள் கணக்குலதான் முழு நேரமும் வரணும். அந்தம்மாவுக்கு ஒரு நாள் போகுது ஸார்."

"டோட்டல் டேலி ஆகுதுல்ல?"

"டோட்டல் ஆகுது. ஓவர்டைம்தான்..."

"ஏம்பா, எட்டு வாரமும் கிளையன்ட் அப்ரூவ் பண்ணி லாக் ஆயிடுச்சு. இப்பத் திறந்தா பதினோரு பேருக்கும் திறக்கணும். கையெழுத்து யாருதுன்னு கேப்பான்."

"உங்களுது ஸார்."

"அதைத்தான் சொல்றேன். அடுத்த வாரத்துலேருந்து சரியாப் போட்டுக்க. நல்ல வேளை கண்டுபிடிச்ச, கெட்டிக்காரன்யா நீ."

அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பானிபூரியான ஃபுச்கா ஒரு பிளேட்கூட வாங்க முடியாது. சம்பளமில்லாத லீவாகவாவது ஒரு நாள் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது, லீவு இல்லாமல் நின்றால் அன்றே பெயரை எடுத்துவிடுவார்கள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். இருந்தது. நானும் படித்தேன்.

தீதி நான்கு நாளோடு போனார். செவ்வாய்க்கிழமை சோதனை முடிந்ததும், புதன்கிழமை இரவு கணவரை லாட்ஜில் விட்டுவிட்டு ரயிலேறினார். ஏறும்முன் எனக்குப் போன் செய்தார்.

"வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட நீ பேசிடு தம்பி. அவருக்குக் குரலே வரலை. நான் ரயில்ல இருப்பேன், சிக்னல் இருக்காது. உன் தமிழுக்கு ஒரு வேலை வந்துச்சு பார்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. மறுமுனையில் மணலைத் தேய்ப்பது போல் ஒரு சத்தம், "ஹேலோ". பிறகு டாக்டர். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் ஊறிய என் தமிழை அவர் பொறுத்துக்கொண்டார். குரல்வளையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது, திங்கட்கிழமை செய்யலாம். அதற்கப்புறம் பழைய குரல் இருக்காது. மனைவி வந்து கையெழுத்துப் போடட்டும், அவர் எங்கே என்று கேட்டார். டியூட்டிக்கு வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அதற்குத் தமிழில் இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

தீதி பெட்டியோடு ஹௌராவிலிருந்து நேரே வந்தார். சரியாக நான்கு மணிக்கு வருகையைப் பதிந்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். சொன்னேன். 

"அவர் உன்கிட்ட பேசினாரா?"

"ஹேலோன்னு சொன்னார்."

"எனக்கு மூணு நாளா அதுவும் சொல்லலை" என்றார். தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். கணினியைத் திறந்தார், ஹெட்செட்டை மாட்டினார், கழற்றினார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு, மேனேஜர் அறைப் பக்கம் திரும்பாமல், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார். மணி நான்கு இருபது.

திங்கட்கிழமை நான் வாரக் கணக்கை எடுத்தேன். புதிய சூத்திரத்தை நானே போட்டிருந்தேன். ஷிஃப்ட் முழுவதும் ஆரம்பித்த நாளிலேயே விழுந்தது. பத்துப் பேருக்கு அழகாக ஐந்து மணி ஓவர்டைம். தீதியின் வரிசையில் நான்கு நாள் ஈட்டு விடுப்பு, வெள்ளிக்கு இருபது நிமிடம்.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இருபது நிமிஷம்னா பாயின்ட் டூ ஜீரோன்னு போட்டு க்ளோஸ் பண்ணு. பேரை எடுக்கச் சொல்லியாச்சு."

"பாயின்ட் த்ரீ த்ரீ, ஸார்" என்றேன். "ஒரு மணிக்கு அறுபது நிமிஷம். மூணுல ஒரு பங்கு."

"சரி, என்னமோ போடு."

போட்டேன். தீதிக்காக நான் மீட்டுக் கொடுத்தது அவ்வளவுதான்.