வெறும் அறைச் சத்தம்

அக்கா சினிமாவில் வசன எடிட்டர். அன்று நடிகையின் பேச்சுக்கு நடுவே யாரோ இருமியதை வெட்டினாள். கூடவே அறையின் ஃபேன் இரைச்சலும் அறுந்து, காதில் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப யாரும் பேசாத அறையின் சத்தம் வேண்டும். படப்பிடிப்பில் எடுக்க மறந்திருந்தார்கள். படம் எடுத்த வீட்டையும் இடித்தாயிற்று.

"சாயங்காலம் தயாரிப்பாளர் வர்றாரும்மா," என்றார் டைரக்டர்.

அவள் படப்பிடிப்புப் பதிவுகளை மறுபடி திறந்தாள். 'ஆக்‌ஷன்' சொன்னதற்கும் நடிகை வாய் திறப்பதற்கும் இடையே கிடந்த மௌனங்களை டேக் டேக்காகப் பொறுக்கினாள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டபோது ஃபேன் தாளம் போட்டுக் காட்டிக்கொடுத்தது. வெவ்வேறு துண்டுகளை, ஓரங்கள் ஒன்றில் ஒன்று கரையும்படி ஒட்டினாள்.

டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இருமல் எங்கம்மா இருந்துச்சு?"

"அதைத் தாண்டி வந்துட்டீங்க சார்," என்று அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.